முதலாவது கணனி அறிக்கைக்கு எது: விரிதாளா, தரவுத்தளமா, டாஷ்போட்டா?

கிராமங்களில் சுழற்சிக் கடன் நிதி நடத்தும் சங்கங்களில் மாத முடிவு வந்துவிட்டால் ஒரே வேலைதான். வெளிக்கள உத்தியோகத்தர்கள் கொண்டுவந்த பற்றுச்சீட்டுப் புத்தகங்களை மேசையில் குவித்து, ஒருவர் இலக்கங்களை வாசிக்க, மற்றவர் பதிவேட்டில் எழுத, இன்னொருவர் கூட்டிப் பார்ப்பார். மூன்று நான்கு நாட்கள் இப்படிக் கழிந்த பின்னர் ஒரு பக்க அறிக்கை பிறக்கும். அடுத்த மாதம் அதே வேலை மீண்டும் தொடங்கும்.

இந்த அறிக்கையைக் கணனியே தயாரித்துத் தராதா என்ற கேள்வி எழும்போது மூன்று விதமான ஆலோசனைகள் கிடைக்கின்றன. கணக்கு எழுதுபவர், எக்செல் போன்ற விரிதாள் போதும் என்பார். கணனிக் கற்கைநெறி ஒன்றை முடித்த இளைஞர், முறையான தரவுத்தளம் வேண்டும் என்பார். நிதியுதவி வழங்கும் நிறுவனத்தின் அலுவலரோ டாஷ்போட் எனப்படும் தகவற்பலகை ஒன்றைக் கேட்பார். வரைபுகளும் வர்ணங்களுமாக, எங்கிருந்தும் திறந்து பார்க்கக்கூடிய பலகை அது. மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் முதலில் எது என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஒரே ஓர் அறிக்கையை, அதாவது கடன் அறவீட்டு அறிக்கையை, எடுத்துக்கொண்டு இதனைப் பார்ப்போம்.

இந்த அறிக்கையில் வெறும் மொத்தங்கள் மட்டும் இருப்பதில்லை. தவணை பிந்தியவர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. அது குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுவானால், ஒருவரின் பெயர் அதில் இருப்பதால் இன்னொருவரின் அடுத்த கடன் நிறுத்தப்படலாம். பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டும் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் பெயர் தவறுதலாக அதில் வந்துவிட்டால், அடுத்த மாதம் திருத்தி எழுதுவதால் அந்த வடு ஆறிவிடாது. ஆகவே இம்மூன்று கருவிகளையும் நாம் அவற்றின் அழகைக் கொண்டோ வேகத்தைக் கொண்டோ அளக்கப்போவதில்லை. பிழையாகப் பதியப்பட்ட ஒரு பற்றுச்சீட்டுக்கு ஒவ்வொன்றிலும் என்ன நேர்கிறது என்பதைக் கொண்டே அளப்போம்.

அறிக்கை எதைச் சொல்ல வேண்டும்?

உதாரணத்துக்கு 24 கிராமக் குழுக்களும், நடப்பில் 310 கடன்களும், மூன்று வெளிக்கள உத்தியோகத்தர்களும் உள்ள ஒரு நிதியை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறக்குறைய 300 பற்றுச்சீட்டுகள் எழுதப்படுகின்றன. கணக்கு இலகுவாக இருக்க, சேவைக் கட்டணத்தை விட்டுவிட்டு முதற்பணத்தை மட்டும் பார்ப்போம்.

ஓர் அங்கத்தவர் ஜனவரி 10 ஆம் திகதி 60,000 ரூபா கடன் பெறுகிறார். மாதம் 5,000 ரூபா வீதம் 12 தவணைகள். முதலாவது தவணை பெப்ரவரி 10 இல் வருகிறது. யூலை 31 இல் அறிக்கை எழுதும்போது ஆறு தவணைகள், அதாவது 30,000 ரூபா, கட்டியிருக்க வேண்டும். அவர் நான்கு தவணைகளாக 20,000 ரூபா கட்டியுள்ளார். பிந்திய தொகை 10,000 ரூபா; மீதிக் கடன் 40,000 ரூபா. கட்டப்படாத தவணைகளில் மூத்தது யூன் 10 இல் வந்தது. எனவே அவர் 51 நாட்கள் பிந்தியிருக்கிறார்.

இவருடைய குழுவில் எல்லோரதும் மீதிக் கடன் சேர்ந்து 360,000 ரூபா என்றும், மற்றவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்றும் கொள்வோம். பிந்திய தொகையை மட்டும் பார்த்தால் 10,000 ரூபா, நூற்றுக்கு 2.8. ஆனால் தவணை தவறிய ஒருவரிடம் இருக்கும் மீதி முழுவதுமே சந்தேகத்துக்குரியது என்பதால், கடன் நிதிகள் 30 நாளும் அதற்கு மேலும் பிந்திய கடன்களின் முழு மீதியையும் எடுத்து மொத்த மீதியுடன் ஒப்பிடுவது வழக்கம். இதனை ஆபத்திலுள்ள மீதி என்று அழைப்போம். அப்படிப் பார்த்தால் 360,000 இல் 40,000, நூற்றுக்கு 11.1. ஒரே குழு, ஒரே நாள், இரண்டு விடைகள். எந்த விடை வேண்டும் என்பதைச் சங்கம் முதலில் தாளில் எழுதி முடிவுசெய்துகொள்ள வேண்டும். அதனை எந்தக் கருவியும் எமக்காக முடிவுசெய்து தராது.

விரிதாள்: கண்ணுக்கான பதிவேடும் கணனிக்கான பதிவேடும்

பெரும்பாலான அலுவலகங்களில் விரிதாள் ஏற்கெனவே இருக்கிறது. ஆயினும் அது தாளில் இருந்த பதிவேட்டின் பிரதியாகவே இருக்கிறது. குழுவுக்கு ஒரு பக்கமாக 24 பக்கங்கள்; அங்கத்தவருக்கு ஒரு நிரை; மாதத்துக்கு ஒரு நிரல்; பிந்தியவருக்குச் சிவப்பு வர்ணம். மனிதக் கண்ணுக்கு இது மிகத் தெளிவு. ஆனால் வர்ணத்தைக் கணனியால் கூட்ட முடியாது. ஒவ்வொரு மாதமும் புதிய நிரல் ஒன்று முளைப்பதால் சூத்திரங்களையும் ஒவ்வொரு மாதமும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த அமைப்பிலிருந்து தானாக அறிக்கை எடுக்க முயல்வது வீண் சிரமம்.

முதலில் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் இரண்டே அட்டவணைகளாக மாற்றுவது. ஒன்றில் ஒரு கடனுக்கு ஒரு நிரை: கடன் இலக்கம், அங்கத்தவர் இலக்கம், குழு, கடன் திகதி, தொகை, தவணைத் தொகை. மற்றதில் ஒரு பற்றுச்சீட்டுக்கு ஒரு நிரை: பற்றுச்சீட்டு இலக்கம், திகதி, கடன் இலக்கம், முதற்பணம். குழுக்கள் 24 ஆக இருந்தாலும் பக்கங்கள் இரண்டுதான். காலம் செல்லச் செல்ல நிரைகள் கீழே வளரும், நிரல்கள் மாறுவதில்லை. எக்செல்லில் ஒவ்வொன்றையும் Ctrl+T மூலம் அட்டவணையாக்கி Loans, Payments என்று பெயரிட்டுக்கொள்ளலாம். அறிக்கைத் திகதி இருக்கும் கலத்துக்கு AsOf என்று பெயரிடலாம். அதன்பின் கடன் அட்டவணையில் Paid என்ற நிரலில் இச்சூத்திரத்தை இட வேண்டும்:

```
=SUMIFS(Payments[Principal],Payments[LoanNo],[@LoanNo],
 Payments[PayDate],"<="&AsOf)
```

இந்தக் கடன் இலக்கத்துக்கு, அறிக்கைத் திகதிவரை எழுதப்பட்ட பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கூட்டு என்பதே இதன் பொருள். தொகையிலிருந்து இதனைக் கழித்தால் மீதி வரும். அதனை Balance என்ற நிரலில் வைப்போம். ஆபத்திலுள்ள மீதிக்கான சூத்திரம் இது:

```
=IF([@Paid]<MIN([@Amount],[@Instalment]*
 DATEDIF([@LoanDate],MAX([@LoanDate],AsOf-30),"m")),
 [@Balance],0)
```

முப்பது நாளுக்கு முன்னரே எத்தனை மாதத் தவணை வந்திருந்தது என்று இது எண்ணுகிறது. எமது உதாரணத்தில் ஜனவரி 10 முதல் யூலை 1 வரை ஐந்து மாதங்கள், 25,000 ரூபா. கட்டியது 20,000 ஆகையால் மீதி 40,000 முழுவதும் ஆபத்தில் சேர்கிறது. நடுவிலுள்ள MAX என்பது, கடந்த 30 நாளுக்குள் கொடுத்த புதிய கடன்களுக்குப் பிழைச் செய்தி வராமல் தடுப்பதற்காக இடப்பட்டது. இச்சூத்திரம் மாதங்களை எண்ணுவதால், தவணைத் திகதிகளை மாதத்தின் 28 ஆம் திகதிக்குப் பிந்தாமல் வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் பெப்ரவரி மாதத்தில் எண்ணிக்கை பிசகும்.

இனிக் குழுவாரியாகத் தொகுக்க ஒரு பிவட் அட்டவணை போதும். அடுத்த மாதம் செய்ய வேண்டியது மூன்றே காரியங்கள்: புதிய கடன்களையும் பற்றுச்சீட்டுகளையும் கீழே சேர்ப்பது, AsOf திகதியை மாற்றுவது, Refresh All என்பதை அழுத்துவது. மூன்றாவதை மறந்தால் பிவட் அட்டவணை போன மாத எண்களையே அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பிவட்டின் தெரிவுகளில் Refresh data when opening the file என்பதைக் குறித்துவிடுங்கள். தானாக வரும் அறிக்கை என்று நாம் கேட்பது இவ்வளவுதான். பற்றுச்சீட்டுகளை யாராவது ஒருவர் பதிந்தே ஆக வேண்டும். ஒருமுறை பதிந்ததை மறுமுறை எழுத வேண்டியதில்லை என்பதே இலாபம்.

இந்த நிதிக்கு வருடத்துக்கு 3,600 பற்றுச்சீட்டுகள் சேரும். இன்றைய எக்செல் பக்கம் ஒன்றில் 1,048,576 நிரைகள் உண்டு. எனவே தரவுகள் பெருகிவிட்டன, தரவுத்தளம்தான் வேண்டும் என்ற வாதம் இங்கே பொருந்தாது. காரணம் வேறொன்று.

காணாமற்போகும் பற்றுச்சீட்டு

ஏழாவது குழுவின் 12 ஆவது கடனுக்கு K07-12 என்று இலக்கமிட்டிருக்கிறோம். பற்றுச்சீட்டைப் பதிபவர் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து O வைத் தட்டி KO7-12 என்று எழுதிவிடுகிறார். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எக்செல் ஒன்றும் சொல்வதில்லை. மேலே தந்த சூத்திரம் K07-12 ஐத் தேடுகிறது; அந்த 5,000 ரூபா அதன் கண்ணில் படுவதில்லை. பணம் வங்கியில் இருக்கிறது, பற்றுச்சீட்டு அங்கத்தவரின் கையில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் அவருடைய பெயர் வந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பற்றுச்சீட்டு அட்டவணையின் முதற்பணம் முழுவதையும் நிபந்தனை எதுவுமின்றிக் கூட்டுங்கள். கடன் அட்டவணையின் Paid நிரலையும் கூட்டுங்கள். அறிக்கைத் திகதிவரையான சீட்டுகள் மட்டுமே பதியப்பட்டிருந்தால் இரண்டும் சதம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 1,240,000, மற்றது 1,235,000 என்றால் 5,000 ரூபா எங்கோ அனாதையாக நிற்கிறது. பற்றுச்சீட்டு அட்டவணையில் மேலதிகமாக ஒரு நிரலைச் சேர்த்து, அதில் =COUNTIF(Loans[LoanNo],[@LoanNo]) என்று எழுதினால் ஒவ்வொரு சீட்டுக்கும் எத்தனை கடன்கள் பொருந்துகின்றன என்பது தெரியும். 1 வந்தால் சரி. 0 வந்தால் இலக்கம் பிழை. 2 வந்தால் ஒரே இலக்கம் இரண்டு கடன்களுக்கு இடப்பட்டுள்ளது. இந்த வித்தியாசம் பூச்சியமாகும்வரை அறிக்கையை அச்சிடுவதில்லை என்பதை அலுவலக விதியாக்கிக்கொள்ளலாம்.

COUNTIF எல்லாவற்றுக்கும் 1 என்றே காட்ட, மொத்தங்கள் மட்டும் பொருந்தாவிட்டால் திகதியைப் பாருங்கள். கணனி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 25/07/2025 என்பதைத் திகதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். சூத்திரம் அதனைத் தவிர்த்துவிடும். இத்தகைய திகதி கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். அதைவிட மோசமானது 03/07/2025. யூலை 3 என்று நாம் எழுதியதை அது மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். மொத்தத்திலும் வித்தியாசம் காட்டாது. கணனியின் பிரதேச அமைப்பை இலங்கைக்கு மாற்றுவதும், வருடத்தை முதலில் வைத்து 2025-07-03 என்று எழுதுவதும் இதற்குப் பரிகாரம்.

கடன் இலக்கத்தின் முன்னால் K என்ற எழுத்து ஏன் என்று கேட்கலாம். 7-12 என்று மட்டும் எழுதினால் எக்செல் அதனையும் திகதியாக மாற்றிவிடும். அடையாள அட்டை இலக்கத்தையே பயன்படுத்தலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. ஒன்பது இலக்கங்களும் V எழுத்தும் கொண்ட பழைய அட்டையும், 2016 இல் அறிமுகமான 12 இலக்க முறையும் இன்று பக்கம் பக்கமாக வழங்குகின்றன. ஒரே ஆள் இரண்டு இலக்கங்களில் பதியப்படலாம். மேலும் 12 இலக்கங்களைச் சாதாரண கலத்தில் தட்டினால் எக்செல் அதனை 1.98E+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அந்நிலையில் CSV கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்தே போகும். பெயரை நம்புவது அதனிலும் கடினம். முதலெழுத்து மாறும்; பாமினி எழுத்துருவில் தட்டிய பெயரும் யூனிக்கோட்டில் தட்டிய அதே பெயரும் கணனிக்கு இரு வேறு சொற்கள். ஆகவே சங்கமே வழங்கும் குறுகிய இலக்கம்தான் பாதுகாப்பானது.

மொத்தத்தை ஒப்பிடும் பழக்கம் சிறிய சங்கங்களுக்கு மாத்திரம் உரியதல்ல. 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கைகளில் 15,841 கொரோனாத் தொற்றாளர்கள் சேர்க்கப்படாமல் விடுபட்டனர். ஆய்வுகூடங்களின் தரவுகள் பழைய .xls வகைக் கோப்பில் ஏற்றப்பட்டன. அவ்வகைக் கோப்பில் ஒரு பக்கத்துக்கு 65,536 நிரைகளே இடம்பெறும். மிகுதி வெட்டுண்டு போயின. அனுப்பியது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை என்ற ஒரு வரி ஒப்பீடு இருந்திருந்தால் முதல் நாளே அது வெளிப்பட்டிருக்கும்.

தரவுத்தளம்: வாசலிலேயே மறுப்பது

விரிதாளில் பிழை உள்ளே வந்த பிறகு நாம் தேடிப் பிடிக்கிறோம். தரவுத்தளமோ அதனை வாசலிலேயே மறுக்கிறது. இரண்டுக்குமிடையே எமக்கு முக்கியமான வேறுபாடு இதுதான்.

மைக்ரோசொவ்ற் அக்சஸில் அதே இரண்டு அட்டவணைகளையும், அங்கத்தவர்களுக்கு மூன்றாவது அட்டவணை ஒன்றையும் அமைக்கிறோம். கடன் இலக்கத்தை முதன்மைச் சாவியாக்கினால் ஒரே இலக்கத்தை இருமுறை பதிய முடியாது. கடனையும் பற்றுச்சீட்டையும் ஒரு கோட்டால் இணைத்து Enforce Referential Integrity என்பதைக் குறித்துவிட்டால், KO7-12 என்று தட்டியவுடன் இந்தச் செய்தி திரையில் வரும்:

```
You cannot add or change a record because a
related record is required in table 'Loans'.
```

பதிபவர் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டை மீண்டும் பார்ப்பார். மாத முடிவில் தேட வேண்டியதில்லை. விரிதாளிலும் இலக்கங்களைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும்படி கட்டுப்படுத்தலாம். ஆனால் வேறிடத்திலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் அக்கட்டுப்பாடு செயலிழந்துவிடும். வட்ஸ்அப்பில் வந்த மூன்று கோப்புகளை ஒன்றாக ஒட்டும் அலுவலகங்களில் இது மாதந்தோறும் நடப்பது.

ஆனாலும் தரவுத்தளத்தால் தடுக்க முடியாத பிழை ஒன்று இருக்கிறது. K07-12 க்குப் பதிலாக K07-21 என்று எழுதிவிட்டால், 21 என்ற கடனும் உண்மையிலேயே இருப்பதால் அது ஏற்கப்படும். கட்டியவர் பிந்தியவராகவும், பிந்தியவர் கட்டியவராகவும் மாறிவிடுவர். மொத்தங்களோ சரியாகவே இருக்கும். இதற்குரிய ஒரே காவல், இலக்கத்தைத் தட்டியதும் அங்கத்தவரின் பெயர் பக்கத்தில் தோன்றச் செய்து, பற்றுச்சீட்டிலுள்ள பெயருடன் அதனைப் பதிபவர் ஒப்பிடுவதாகும். விரிதாளிலும் இதனைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

தரவுத்தளத்துக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து வினவல் எழுதும்போது, சாதாரண இணைப்பு இரண்டிலும் உள்ளவற்றை மட்டுமே தரும். கடன் பெற்றபின் ஒரு தவணைகூடக் கட்டாதவருக்குப் பற்றுச்சீட்டே இல்லை. எனவே அவர் அறிக்கையிலிருந்து மறைந்துவிடுவார். யாரை முதலில் சென்று பார்க்க வேண்டுமோ, அவரே கண்ணுக்குத் தெரியாமற் போகிறார். இதற்காகத்தான் LEFT JOIN:

```sql
SELECT L.LoanNo, L.Amount, Sum(P.Principal) AS Paid
FROM Loans AS L LEFT JOIN Payments AS P
  ON L.LoanNo = P.LoanNo
GROUP BY L.LoanNo, L.Amount;
```

கடன்கள் 310 என்றால் விடையிலும் 310 நிரைகள் இருக்க வேண்டும். 296 தான் வருகிறது என்றால், அந்தப் 14 பேர் யார் என்று தேடுங்கள்.

தரவுத்தளத்தின் விலை பணம் மட்டுமல்ல. அதனை அமைத்தவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால் ஒரு நிரலைச் சேர்க்கக்கூட ஆளில்லாமற் போகலாம். அக்சஸ் விண்டோஸ் கணனியில்தான் இயங்கும். அலுவலக வலையமைப்பில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அதன் கோப்பை இணையத்தோடு ஒத்திசையும் கோப்புறை ஒன்றில் வைத்து இருவர் ஒரேவேளை திறந்தால் பழுதாகிவிடும். சூத்திரத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய மூவர் இருக்கும் அலுவலகத்தில், ஒருவருக்கு மட்டும் விளங்கும் தரவுத்தளம் முன்னேற்றம் ஆகாது.

டாஷ்போட்: காட்டுவது மட்டும்

டாஷ்போட் தரவுகளைச் சேமிப்பதில்லை. வேறிடத்தில் இருப்பவற்றை வாங்கிக் காட்டுகிறது. விரிதாளையோ தரவுத்தளத்தையோ அதன் பின்னால் வைத்தாக வேண்டும். ஆகவே மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும்போது, டாஷ்போட் மட்டும் போதும் என்ற விடை உண்மையில் கிடையாது. காணாமற்போன அந்த 5,000 ரூபாவை அது மீட்டுத் தராது. பெரிய திரையில், சிவப்பு வர்ணத்தில், பலருக்கு ஒரே நேரத்தில் காட்டும்.

அது தன் பங்குக்கும் ஒரு பிழையை உண்டாக்கக்கூடும். முதலாவது குழுவில் 360,000 இல் 40,000 ஆபத்தில், நூற்றுக்கு 11.1. இரண்டாவது சிறிய குழு. 40,000 இல் 20,000 ஆபத்தில், நூற்றுக்கு 50. குழுவாரி விகிதங்களைக் கொடுத்து மொத்தத்தைக் காட்டச் சொன்னால், டாஷ்போட்டில் சராசரியைத் தெரிவுசெய்வது மிக எளிது, 30.6 என்று வரும். சரியான விடை 400,000 இல் 60,000, அதாவது நூற்றுக்கு 15. இரு மடங்கு வித்தியாசம். தொகைகளைக் கூட்டிய பின்னரே வகுக்க வேண்டும் என்று டாஷ்போட்டுக்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, டாஷ்போட் எப்போதும் இன்றைய நிலையையே காட்டும். யூலை மாதத்துப் பற்றுச்சீட்டு ஒன்று ஆகஸ்ட் 6 இல் பதியப்பட்டால் யூலை மாத எண்ணும் மாறிவிடும். கூட்டத்தில் கொடுத்த தாளில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாக நிற்கும். எனவே மாத முடிவு எண்களைத் தனியாக ஓர் அட்டவணையில் உறையவைக்க வேண்டும். குறைந்தபட்சம் அன்றைய அறிக்கையின் பி.டி.எவ். பிரதியையாவது சேமித்து வைக்க வேண்டும்.

நடைமுறைச் செலவுகளையும் பார்க்க வேண்டும். பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். ஆனால் அதில் செய்ததை இணையத்தில் வெளியிட்டு மற்றவருடன் பகிர அலுவலகக் கணக்கும் கட்டண உரிமமும் தேவை. அலுவலகக் கணனியில் உள்ள கோப்பிலிருந்து அது தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டுமானால் நுழைவாயில் மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டும். அந்த நேரத்தில் கணனியும் இணையமும் இயங்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்ட நாளில் பழைய எண்கள்தான் நிற்கும். ஆகவே கடைசியாகப் புதுப்பித்த திகதியைப் பலகையின் உச்சியில் காட்டச் செய்யுங்கள். தவணை தவறியவர்களின் பெயர்கள் எக்காரணம் கொண்டும் டாஷ்போட்டில் வரக்கூடாது. இணைப்பு முகவரி தெரிந்த எவரும் திறக்கலாம் என்று விடப்பட்ட பலகை, சந்தியில் ஒட்டிய சுவரொட்டிக்குச் சமம். குழுவாரித் தொகைகளோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இந்த நிதி எதைத் தெரிவுசெய்ய வேண்டும்?

எமது உதாரண நிதியில் பற்றுச்சீட்டுகளை அலுவலகத்தில் ஒருவரே பதிகிறார் என்றால் விடை விரிதாள்தான்: இரண்டு அட்டவணைகள், மேலே சொன்ன சூத்திரங்கள், ஒப்பீட்டு மொத்தம். முதல் இரண்டு மாதங்கள் கையால் எழுதும் அறிக்கையையும் நிறுத்தாமல் இரண்டையும் குழுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் வந்தால் எது சரி என்று ஊகிக்காமல், பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே தீர்க்கட்டும். இங்கே செய்த வேலை எதுவும் வீணாவதில்லை. ஒரு நிரைக்கு ஒரு சீட்டு என்று ஒழுங்குபடுத்திய அட்டவணையைப் பின்னர் அப்படியே தரவுத்தளத்துக்கு மாற்றலாம்.

தரவுத்தளத்துக்கு மாற வேண்டிய காலத்தைச் சில அறிகுறிகள் சொல்லும். இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் பதியத் தொடங்குகிறார்கள். கோப்பின் பிரதிகள் பெருகி எது கடைசிப் பிரதி என்ற வாக்குவாதம் எழுகிறது. ஒப்பீட்டு மொத்தத்திலுள்ள வித்தியாசத்தைத் தேடுவதில் மாதத்துக்கு அரைநாளுக்கு மேல் செலவாகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் மாறலாம். அதை அமைக்கவும் பின்னர் பராமரிக்கவும் இருவராவது தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

டாஷ்போட்டை, இரண்டு கூட்டங்களுக்கிடையில் அதனைத் திறந்து பார்த்து அதன்படி எதையாவது செய்யப்போகிறவர் யார் என்று பெயர் சொல்ல முடிந்த பின் யோசிக்கலாம். உதாரணமாக, எந்தக் குழுவுக்கு இந்தக் கிழமை செல்வது என்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்கும் இணைப்பாளர் ஒருவர் இருந்தால் அது பயன்படும். மாதம் ஒருமுறை 24 குழுத் தலைவிகளின் கையில் கொடுக்கும் அறிக்கைக்கு ஒரு தாள் போதுமானது. அந்தத் தாளின் அடியில் இரண்டு மொத்தங்களும் அவற்றின் வித்தியாசமும் அச்சிடப்பட்டிருக்கட்டும். வித்தியாசம் பூச்சியம் என்பதைப் பார்த்த பின்னரே பெயர்ப் பட்டியலை வாசிக்கலாம். அப்போதும் தன் பெயரைக் கேட்டு ஒருவர் பற்றுச்சீட்டை நீட்டினால், முதலில் சரிபார்க்க வேண்டியது கணனியின் பதிவைத்தான்.